பவுன்சர் எழுதிய சின்த்வேவ்

நாகராஜின் வலது கை நடு முட்டி உள்ளே அமுங்கிப் போயிருக்கும். எவனுடைய பல்லிலோ பட்டு உடைந்து, கட்டுப் போடாமலே ஆறிய எலும்பு. அந்தக் கையோடு அவன் பாம்பேயின் செம்பூரில் ஒரு பப்பின் வாசலில் பல வருஷமாக நின்றான். மாடிப்படி ஏறி வருகிறவன் முதலில் பார்ப்பது அவன் மார்பை. தலையைத் தூக்கினால்தான் முகம் தெரியும். கறுப்பு டீ-ஷர்ட், காதில் வாக்கி-டாக்கியின் ஒயர். பாதிப்பேர் அந்த இடத்திலேயே அடங்கிவிடுவார்கள். அடங்காதவர்களுக்காகத்தான் அவனுக்குச் சம்பளம்.

பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். நாகராஜுக்கு ஊர் என்றால் தொண்ணூறடி ரோடும் அதற்குப் பின்னால் இருக்கும் சந்துகளும்தான். படிப்பு பாதியில் நின்றது; உடம்பு நிற்கவில்லை. ஜிம், பிறகு கல்யாண மண்டபங்களில் காவல், பிறகு பப்.

அடிப்பதில் அவனுக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. முட்டி உடைந்ததற்குப் பிறகு யாரையும் முகத்தில் குத்தமாட்டான். ரத்தம் வந்தால் போலீஸ் வரும். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்துவான். எப்பேர்ப்பட்ட குடிகாரனும் குதிகாலில் எழும்பி அவன் சொன்ன பக்கம் நடப்பான். ஒருமுறை ஒரு ஆள் உடன் வந்த பெண்ணின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் தலையை மேசையில் இடித்தான். நாகராஜ் அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். கூந்தலை விட்ட நொடியில் விரலையும் விட்டுவிட்டான். எதிராளியின் கை தளர்ந்தால் நம் கையும் தளர வேண்டும் என்று புதிதாக வரும் பவுன்சர்களிடம் சொல்வான். அதற்கு மேல் செய்தால் அது வேலையில்லை, வெறி என்பான்.

இந்த மனுஷனுக்குப் பாட்டு செய்கிற பழக்கம் எப்படி வந்தது என்றால், ஜிம் நடத்திய ஷாகிரால் வந்தது. உடற்பயிற்சி வீடியோக்களுக்குச் சினிமாப் பாட்டைப் போட்டால் இணையத்தில் ஒலியை வெட்டிவிடுகிறார்கள் என்று ஷாகிர் ஃபோனில் ஒரு ஏ.ஐ. இசைச் செயலியை இறக்கியிருந்தான். என்ன மாதிரி இசை வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் அதுவே உண்டாக்கித் தரும். நாகராஜுக்கு ஆங்கிலம் எழுதத் திணறும். ஆனால் ஃபோனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். ஷாகிருக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. நாகராஜுக்கு அலுக்கவில்லை. பப் திறப்பதற்கு முந்தைய வெறும் மத்தியானங்களில், பின்வாசலில் காலி பீர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஃபோனிடம் பேசிக்கொண்டிருப்பான்.

அப்படி உட்கார்ந்திருக்கையில்தான் ஷ்யாமளா கேட்டாள். அவள் மாட்டுங்காக்காரி. வங்கியில் பல காலம் வேலை பார்த்துவிட்டு, அண்ணன் மகன் ஆரம்பித்த பப்பின் கணக்கு வழக்கிலிருந்து சமையலறை வரை எல்லாவற்றையும் நடத்துகிறவள். பருத்திப் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக அவள் பாரின் பின்னால் நிற்பதைப் பார்த்து முதல்முறை வருகிறவர்கள் தவறான கதவில் நுழைந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். அந்தச் சமயம் அவளுக்கு ஒரு தலைவலி இருந்தது. ரெக்கார்டு பாட்டுகளைப் போடுவதற்குப் பணம் கட்டச் சொல்லி உரிமைக்காரர்களிடமிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. அண்ணன் மகனோ வியாழக்கிழமைதோறும் ரெட்ரோ மாலை என்று அறிவித்துவிட்டான். எண்பதுகளின் சின்த்தசைசர் இசை, கேட்டட் டிரம்ஸ், அனலாக் பேஸ், நாஸ்டால்ஜிக் மூட் என்று ஒரே வரியில் அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு கோவாவுக்குப் போய்விட்டான்.

ஷ்யாமளா அந்த வரியை நாகராஜிடம் படித்துக் காட்டினாள். இதில் உனக்கு ஏதாவது புரிகிறதா என்று கேட்டாள். பாதி புரிகிறது என்றான். அந்தச் செயலியின் விதிமுறைகளை அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். இலவசமாகச் செய்வதைக் கடையில் போடக்கூடாது, கட்டணத் திட்டத்தில் செய்தால் போடலாம் என்று கண்டுகொண்டு, பப்பின் பெயரில் சேர்ந்து, வேலையை அவனிடம் விட்டாள்.

முதல் முயற்சியில் அவன் ரெட்ரோ, எயிட்டீஸ், டிரம்ஸ், சந்தோஷமான சோகம் என்றெல்லாம் சொன்னான். வந்தது சாக்ஸஃபோனும் கிதாரும். நடுவில் ஒரு அமெரிக்கக் குரல் தன் காரைப் பற்றிப் பாடியது. அந்தக் காலத்துப் பிரபல இசைக்கலைஞர் ஒருவரின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். ஆள் பெயரைப் போட்டால் செய்யமாட்டேன் என்று செயலி மறுத்துவிட்டது. பாம்பே என்று சேர்த்தான். தபலா வந்து குதித்தது. ரெட்ரோ என்பது அதற்கு எந்தக் காலமாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. எண்பதுகளின் சின்த்தசைசர் பாணிக்கு இணையத்தில் வழங்கும் சின்த்வேவ் என்ற பெயரை முதலில் வைத்தான். குரலே வேண்டாம் என்பதற்கு இன்ஸ்ட்ருமென்டல் பொத்தானை அழுத்தினான். விலக்க வேண்டியவற்றுக்கென்று இருந்த கட்டத்தில் குரல், கிதார், தபலா மூன்றையும் போட்டான். இசை ஒரு வழிக்கு வந்தது.

கேட்டட் டிரம் என்றால் என்ன என்று ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டு ஷ்யாமளாவுக்கு விளக்கினான். ஸ்நேர் டிரம்மில் ஒரு அடி. அந்த அடிக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைக் கொடுக்கிறார்கள். எதிரொலி தானாக அடங்குவதற்குள் ஒரு கதவைச் சாத்துவதுபோல அதை வெட்டிவிடுகிறார்கள். அதனால் அடி பெரிதாக இருக்கும், வால் இருக்காது. அடுத்த அடி வரை வெறுமை.

“மாடிப்படில ஒருத்தன அறையுதோம் மேடம். சத்தம் கீழ வரைக்கும் போவும்லா? போவுதுக்கு முன்ன டப்புன்னு யாரோ கதவ அடைச்சா எப்படி இருக்கும், அதுதான்.”

“உனக்கு வேற உதாரணமே கிடைக்காதா?” என்று ஷ்யாமளா கேட்டாள். ஆனாலும் புரிந்தது என்றாள்.

அனலாக் பேஸ் எளிதாக வசப்பட்டது. பழைய இயந்திரத்தின் கீழ்க்குரல்; மின்சாரத்தின் சூட்டில் சுருதி கொஞ்சம் நழுவி நழுவி நிற்கும்; ஒரே நோட்டைத் துடிப்பாகத் தட்டிக்கொண்டே போகும். தடித்த, கதகதப்பான, எட்டாம் பாக நோட்டுகளில் துடிக்கும் என்று எழுதியதும் கிடைத்தது. பழசை நினைத்து ஏங்கவைக்கும் அந்த நாஸ்டால்ஜிக்தான் படியவில்லை. அந்தச் சொல்லை மட்டும் போட்டால் கல்யாண வீடியோ இசையாக, தேன் ஊற்றியதுபோல வழிந்தது. ஷ்யாமளா கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். உன் மனதில் எந்த இடம் வருகிறதோ அதை எழுது, வெறும் சொல்லை எழுதினால் அதற்கு என்ன தெரியும் என்றாள்.

நாகராஜின் மனதில் வந்தது பிங்க்கி வீடியோ கேம்ஸ். அவன் சின்னப் பையனாக இருக்கும்போது சந்து முனையில் இருந்த ஒற்றை அறைக் கடை. அதற்குள் நாலைந்து பழைய ஆட்டப் பெட்டிகள், இருட்டு, நீலமும் ரோஸுமாகத் திரை வெளிச்சம். ஆட அவனிடம் காசு இருக்காது. பெட்டிகள் தாமாகப் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பான். ஒருநாள் கடை மூடிக்கிடந்தது. பிறகு திறக்கவே இல்லை. அவன் வாழ்க்கையில் யாரும் அவனை அடிக்காத, அவனும் யாரையும் அடிக்காத ஒரு இடம் உண்டென்றால் அது அதுதான்.

ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். இன்ஸ்ட்ருமென்டல் சின்த்வேவ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகள், நிமிஷத்துக்கு நூறு தட்டு, மைனர் கீ, பெரிய கேட்டட் ரிவெர்ப் ஸ்நேர், துடிக்கும் அனலாக் பேஸ், பின்னால் நீண்டு பரவும் கதகதப்பான பேட் ஒலி, கொஞ்சம் சுருதி விலகிய தனியான லீட் மெலடி, டேப் இரைச்சல், நாஸ்டால்ஜிக், கசப்பும் இனிப்பும், கடை சாத்தும் நேரத்தில் ஆளில்லாத வீடியோ கேம் பார்லர், பாதி இறங்கிய ஷட்டர்.

செயலி வழக்கம்போல இரண்டு உருப்படிகளைத் தந்தது. முதலாவது சுமார். இரண்டாவது ஓடத் தொடங்கியபோது நாகராஜ் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டான். பேஸ் நெஞ்செலும்பில் தட்டியது. ஸ்நேர் விழுந்து வெட்டுப்பட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் அந்த லீட் மெட்டு யாரையோ கூப்பிடுவதுபோல மேலே போய், பதில் வராமல் இறங்கியது. ஷ்யாமளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவன் அதற்குப் பிங்க்கி வீடியோ கேம்ஸ் என்றே பெயர் வைத்தான்.

முதல் ரெட்ரோ வியாழன். மாலை விளக்குகள் ரோஸும் நீலமுமாக மாறியிருந்தன. பாருக்கு மேலே இருந்த திரையில் ஓடுகிற இசையின் பெயர் வரும். கூட்டம் நன்றாக இருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து தாண்டியவர்களே அதிகம்.

சுரேந்திரன் அன்று ஒரு ஆளோடு வந்திருந்தான். சுரேந்திரன் வாடிக்கைக்காரன், தாராவியில் வளர்ந்து இப்போது கட்டுமானச் சாமான் வியாபாரம் செய்கிறவன். நாகராஜிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவான். உடன் வந்தவனை, இது தமிழ்செல்வன், நம்ம தொண்ணூறடி ரோடுதான், கோவண்டியில் இருக்கிறான், இருபத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் குர்லா ஸ்டேஷனில் பிடித்தேன் என்று தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்தினான். தமிழ்செல்வன் ஒல்லியான, பேச்சுக் குறைந்த ஆள். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவன். விரல்களெல்லாம் வெட்டுத் தழும்புகள். இரண்டு பேரும் பாரை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிங்க்கி ஆரம்பித்தபோது நாகராஜ் வாசலை இன்னொருவனிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். தன் இசையைப் பெரிய ஸ்பீக்கரில், ஆட்கள் நடுவே கேட்கவேண்டும் என்ற ஆசை. சுரேந்திரன் திரையைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினான்.

“ஏலே செல்வம், மேல பாரு. பிங்க்கின்னு போட்ருக்கான்ல. நம்ம பிங்க்கி.”

தமிழ்செல்வன் திரையைப் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். நாகராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு அடி எடுத்து வைத்தான். தமிழ்செல்வனின் கையிலிருந்த பீர் மக் மெல்ல மேசையில் இறங்கியது. பேஸ் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்நேர் விழுந்து அறுபட்ட ஒரு இடைவெளியில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

“பூதத்தான அன்னைக்கு நீதான கை காட்டுன?”

சுரேந்திரனின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். தமிழ்செல்வன் மறுபடி அதே கேள்வியை அதே குரலில் கேட்டான். சுரேந்திரன், நான் காட்டாவிட்டால் என்னைக் கொன்றிருப்பார்கள் என்றான். அதுதான் பதில்.

தமிழ்செல்வன் உட்கார்ந்தபடியே மக்கைச் சுழற்றி அவன் வாயில் அறைந்தான். கனமான கண்ணாடி. உதடு கிழிந்து பல் தெரிந்தது. சுரேந்திரன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழ, தமிழ்செல்வன் மேசையைத் தாண்டி அவன் மேல் விழுந்து முகத்திலேயே இன்னும் இரண்டு முறை இடித்தான். கன்னம் கண்ணுக்குக் கீழே பிளந்தது. ரோஸ் வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. அருகிலிருந்தவர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஷ்யாமளா பாரின் பின்னாலிருந்து இசையை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள், யாருக்கும் கேட்கவில்லை.

நாகராஜ் பின்னாலிருந்து தமிழ்செல்வனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். ஒல்லியான ஆள்தானே என்று கையை இலேசாக வைத்துவிட்டான். தமிழ்செல்வன் திரும்பாமலே மக்கைப் பின்னோக்கி வீசினான். அதன் அடிப்பாகம் நாகராஜின் வலது காதில் முழுசாக இறங்கியது.

இசை பாதியாகிவிட்டது. வலப்பக்கம் இருந்த உலகம் இல்லை. அங்கே ஒரு விசில் மட்டும் நீண்டது. இடது காதில் பிங்க்கி ஓடிக்கொண்டே இருந்தது. தலை சுற்ற, கழுத்தில் சூடாக ஏதோ வழிய, நாகராஜுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. மக் இருந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தோளுக்கு மேலே திருகினான். மக் தரையில் விழுந்து உருண்டது. தமிழ்செல்வன் முழங்காலிட்டுவிட்டான். விரல்கள் விரிந்துவிட்டன. போதும் அண்ணாச்சி என்றான். நாகராஜ் கேட்டான், இடது காதில் நன்றாகவே கேட்டது. கேட்ட பிறகும் திருகினான். முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்தது. அந்தச் சத்தத்துக்கும் வால் இல்லை.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. சுரேந்திரன் கன்னத்தில் தையலோடு, வழக்கே வேண்டாம், குடிபோதையில் விழுந்தோம் என்று எழுதிக் கொடுத்தான். பழைய கதையைக் கிளற அவனுக்கு விருப்பமில்லை. தமிழ்செல்வனும் புகார் கொடுக்கவில்லை. நாகராஜுக்குச் செவிப்பறை கிழிந்திருந்தது. அது மூடிக்கொள்ளலாம், ஆனால் உள்காதில் அடி பட்டிருக்கிறது, அந்தப் பக்கம் கேட்பது திரும்புவது கஷ்டம் என்றார் மருத்துவர்.

கட்டோடு அவன் பப்புக்குப் போன பகலில் ஷ்யாமளா கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினாள். படத்தில் சத்தம் கிடையாது. இரண்டு முறை ஓட்டினாள்.

“பாரு. அவன் கையை விட்டுட்டான், நாகராஜ். மண்டி போட்டுட்டான். அப்புறமும் நீ திருப்பினே.”

“ஆமா மேடம்.”

“ஏன்னு கேட்க மாட்டேன். ஆனா வாசல்ல இனிமே உன்னை நிக்க வைக்க மாட்டேன்.”

அவள் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. வியாழக்கிழமை இசையை நீயே பார்த்துக்கொள் என்றாள். அந்தப் பிங்க்கியை மட்டும் எடுத்துவிடு. நாஸ்டால்ஜிக் என்ற சொல்லே வேண்டாம். ஆட்கள் எதையும் நினைத்துக்கொள்ளாமல் குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

வீட்டில் மாரீஸ்வரி அவன் காதைத் தினமும் பார்த்தாள். அவள் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு உதவியாள். காயத்தைப் பார்த்துப் பழகியவள். பஞ்சை மாற்றிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. “அவம் விட்ட பொறவுமா ஒடச்ச?” என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான். நாகராஜ் அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவள் டீயைக் கையில் தராமல் அவன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். மகளைக் கூப்பிட்டால் மகளோடு அவளும் வந்து நின்றாள். தன் வீட்டில் தன்னை வாசல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்தது. காதைவிட அதுதான் வலித்தது.

கோவண்டிக்குப் போய்த் தமிழ்செல்வனைப் பார்க்கலாம் என்று அவனாகவே முடிவு செய்தான். முகவரியைத் தமிழ்செல்வனின் ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. தமிழ்செல்வன் மாவுக்கட்டைத் தலையணையில் வைத்துச் சாய்ந்திருந்தான். கதவில் நாகராஜைக் கண்டதும் மற்றக் கை அருகிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டது. நாகராஜ் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். நீ கையை விட்ட பிறகும் நான் உடைத்தேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றான்.

தமிழ்செல்வன் அவன் காதிலிருந்த கட்டைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை வைக்காமலே, அந்தப் பாட்டு யார் போட்டது என்று கேட்டான். நான்தான் செய்தேன் என்று நாகராஜ் சொன்னான். பிங்க்கிக்கு வருவேன், சின்னப் பையன், வாசலில் நின்று கேட்பேன், ஏன் மூடினார்கள் என்று தெரியாது என்றான்.

தமிழ்செல்வன் அதை அவனுக்குச் சொன்னான். பூதத்தான் தமிழ்செல்வனின் அண்ணன். பிங்க்கியில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் வேலை. சுரேந்திரன் யாரோ ஒரு கும்பலின் ஆளைக் கத்தியால் கீறிவிட்டு, கடைக்குள் வந்து பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். தேடி வந்தவர்கள் அவன் முடியைப் பிடித்து வெளியே இழுத்து, யார் செய்தது என்று கேட்டபோது, அவன் பூதத்தானைக் காட்டினான் என்று அப்போதே சந்தில் பேச்சு இருந்ததாம். அவர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஹாக்கி மட்டைகளும் ஒரு இரும்புக் குழாயும். வெளியே கூட்டத்தோடு நின்ற தனக்கு அண்ணனின் கால்கள் மட்டும் தெரிந்தன என்று தமிழ்செல்வன் சொன்னான். பெட்டிகளை யாரும் அணைக்கவில்லை, அவை பாடிக்கொண்டேயிருந்தன. கால்கள் அசைவது நின்ற பிறகும் பாடின. அவனைச் சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

குர்லாவில் சுரேந்திரன் கட்டிப்பிடித்தபோதுகூட அவனுக்கு ஆத்திரம் வரவில்லையாம். வயதாகிவிட்டது, போகட்டும் என்றுதான் கூட வந்தானாம்.

“பாட்டு கேட்டதும் கால் தெரிஞ்சிச்சு,” என்றான்.

 பாதி இறங்கிய ஷட்டர் என்று ஃபோனிடம் சொன்னது தன் வாய்தான் என்பது நாகராஜுக்கு நினைவில் நின்றது. அவனுக்கு அது அழகான ஒரு படமாக இருந்தது.

சுரேந்திரனின் நம்பரைக் கொடு என்று தமிழ்செல்வன் கேட்டான். நாகராஜிடம் இருந்தது. தரமாட்டேன் என்றான். அப்படியென்றால் நீயும் அவன் பக்கம்தான் என்று தமிழ்செல்வன் சொன்னான். இல்லை என்று சொல்லியும் பயனில்லை. சற்றுக் கழித்து, அந்தப் பாட்டையாவது போடு என்றான். நாகராஜ் வேண்டாம் என்றான். போடு என்று மறுபடியும் சொன்னான். நாகராஜ் ஃபோனை எடுத்து, அறைக்குள் கைநீட்டிப் படுக்கையின் மேல் வைத்து ஓடவிட்டான். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவில்லை; ஸ்நேரும் அந்த லீடும் மட்டும் கேட்டன. தமிழ்செல்வன் கண்ணை மூடாமல் கடைசி வரை கேட்டான். இசை முடிந்ததும் நல்ல கையால் ஸ்பேனரை ஓங்கி ஃபோனின் மேல் இறக்கினான். மறுபடி, மறுபடி. திரை நொறுங்கி, ஃபோன் வளைந்து, படுக்கையில் கண்ணாடித் தூள் தெறித்தது. அவன் கையில் ரத்தம் வந்தது. கை தளர்ந்து தானாக நிற்கும் வரை நாகராஜ் நிலைப்படியிலேயே இருந்தான். பிறகு எழுந்து, உடைந்ததைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

சுரேந்திரன் பிறகு பப்புக்கு வரவில்லை. சான்பாடாவுக்குக் குடிபோய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். தமிழ்செல்வனின் எலும்பு கூடியது. கை முழுசாக நீளாது, அதை வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறான் என்று கேள்வி.

ரெட்ரோ வியாழன் தொடர்ந்தது. பிங்க்கியைச் செயலியின் கணக்கிலிருந்தும் நாகராஜ் அழித்துவிட்டான். புதிதாக எழுதியவற்றில் மைனர் கீ இல்லை, பேட் இல்லை, நாஸ்டால்ஜிக் இல்லை. வேகத்தைக் கூட்டி, கொண்டாட்டம், கோடை, இரவு வாகன ஓட்டம் என்று எழுதினான். கேட்டட் ஸ்நேரும் அனலாக் பேஸும் அப்படியே இருந்தன. ஆட்கள் காலாட்டினார்கள், குடித்தார்கள், போனார்கள். இது போதும் என்றாள் ஷ்யாமளா. ஸ்டீரியோவில் வலப்பக்கம் என்ன ஓடுகிறதென்று அவனுக்குத் தெரியாததால், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து இடது காதில் வைத்துச் சரிபார்ப்பான். மாரீஸ்வரி இப்போது டீயைக் கையில் தருகிறாள். தரும்போது அவன் விரல்களைப் பார்க்கிறாள்.

மழைக்கால வியாழன் ஒன்றில் கூட்டத்தின் நடுவே மறுபடி ஒரு அடிதடி. நாகராஜ் இசையை இயக்கும் பலகையின் பின்னால் இருந்தான். நாற்காலி உடையும் சத்தம் வந்ததும் உடம்பு பாதி எழுந்துவிட்டது. புதிய பவுன்சர் பார்த்துக்கொள்வான் என்று ஷ்யாமளா கையைக் காட்டினாள். அவன் இசையின் சத்தத்தை மெல்லக் குறைத்தான். பேஸ் அடங்கியதும் சதையில் கை விழும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. அடி, பிறகு யாரோ மூச்சு வாங்குவது, மறுபடி அடி. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று ஒற்றைக் காதுக்குத் தெரியவில்லை. அவன் தலையை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டு நின்றான். ஆட்களை அவன் கண்டுபிடிப்பதற்குள் அடிதடி முடிந்திருந்தது.